கட்டளை நிலையும் திருத்த நிலையும்: ஜூபிட்டர் நோட்புக்கில் கட்டங்களைக் கையாளும் விசைகள்

ஜூபிட்டர் நோட்புக் என்பது நிரலையும் விளக்க உரையையும் விடையையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொள்ள உதவும் கோப்பாகும். அந்தப் பக்கம் சிறு சிறு பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பேச்சு வழக்கில் ‘செல்’ எனப்படும் அப்பெட்டி இந்நூலில் கட்டம் என்று குறிக்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் எழுதப்பட்ட நிரலை இயக்கும்போது அது பக்கத்திற்குப் பின்னால் தனியே ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் என்னும் செயலிக்கு அனுப்பப்பட்டு, அங்கே கணக்கிடப்பட்டு, விடை மட்டும் கட்டத்தின் கீழே வந்து அமர்கிறது. பக்கம் வேறு, கெர்னல் வேறு என்னும் இந்தப் பிரிவு விசைகளைப் பற்றிய ஓர் இயலில் தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் விசை தவறி விழும் பிழைகளில் பெரும்பாலானவை கண்ணில் படாமல் தப்புவதற்கு அதுவே காரணமாகும்.

ஒரே விசைக்கு இரு பொருள்

விசைப்பலகையில் A என்னும் விசையை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற கேள்விக்கு நோட்புக்கில் இரண்டு நியாயமான விடைகள் உண்டு. நிரல் எழுதிக்கொண்டிருப்பவருக்கு a என்ற எழுத்து கட்டத்திற்குள் விழ வேண்டும். கட்டங்களை அடுக்கிக்கொண்டிருப்பவருக்கோ மேலே ஒரு புதிய கட்டம் தோன்ற வேண்டும். இவ்விரண்டையும் ஒரே விசைக்கு உரியதாக்குவதற்காகவே நோட்புக் இரண்டு நிலைகளில் இயங்குகிறது. கர்சர் கட்டத்திற்குள் மின்னிக்கொண்டிருக்க, அழுத்தும் எழுத்தெல்லாம் உரையாக விழும் நிலை திருத்த நிலை. கர்சர் எதுவும் இல்லாமல் ஒரு கட்டம் முழுமையாகத் தேர்வுபெற்று நிற்க, அழுத்தும் எழுத்து அந்தக் கட்டத்தின்மீது ஒரு செயலை நிகழ்த்தும் நிலை கட்டளை நிலை. திருத்த நிலையிலிருந்து கட்டளை நிலைக்கு வர Esc விசையும், கட்டளை நிலையிலிருந்து திருத்த நிலைக்குப் போக Enter விசையும் பயன்படுகின்றன.

இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. ஜூபிட்டருக்கு முன்னோடியான ஐபைத்தான் நோட்புக்கில் முதலில் Ctrl+M அழுத்திவிட்டுப் பிறகு A, B, D முதலிய எழுத்தை அழுத்தினால்தான் கட்டத்தின்மீது செயல் நிகழும். ஒவ்வொரு கட்டளைக்கும் இந்த முன்விசை தேவைப்பட்டது. 2014இல் வெளிவந்த ஐபைத்தான் 2.0 பதிப்பில்தான் இரு நிலைகளும் புகுத்தப்பட்டன. பழைய பழக்கம் உள்ளவர்களின் கை தடுமாறாதிருக்க, கட்டளை நிலைக்கு வரும் வழிகளுள் ஒன்றாக Ctrl+M அப்படியே நிறுத்திக்கொள்ளப்பட்டது. இன்றும் அது Esc விசைக்கு ஈடாக வேலை செய்கிறது. கூகுள் கொலாப் தளமோ பழைய முறையையே பின்பற்றி, கட்டத்தைச் சேர்க்கவும் நீக்கவும் Ctrl+M என்னும் முன்விசையைக் கேட்கிறது. ஆகவே ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தயங்குவது இயல்பே.

எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை அறிய மிக நம்பகமான அடையாளம் மின்னும் கர்சர்தான். பழைய நோட்புக் பதிப்புகளில் திருத்த நிலைக்குப் பச்சை எல்லைக்கோடும் கட்டளை நிலைக்கு நீலப் பட்டையும் இருந்தன; ஜூபிட்டர்லேபில் பக்கத்தின் அடியில் உள்ள நிலைப்பட்டையில் `Mode: Command` அல்லது `Mode: Edit` என்று எழுதியே காட்டப்படுகிறது. நிறங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை என்பதால், கர்சர் மின்னுகிறதா இல்லையா என்று பார்க்கும் பழக்கமே எல்லாப் பதிப்பிலும் கைகொடுக்கும்.

இயக்கும் மூன்று விசைகள், விட்டுச்செல்லும் நிலைகள்

கட்டத்தை இயக்க மூன்று விசைச் சேர்க்கைகள் உண்டு. மூன்றும் எந்த நிலையிலிருந்தும் வேலை செய்யும். Ctrl+Enter கட்டத்தை இயக்கிவிட்டு அதே கட்டத்தில் நிற்கும். Shift+Enter இயக்கிவிட்டு அடுத்த கட்டத்திற்கு நகரும். Alt+Enter இயக்கிவிட்டு உடனே கீழே ஒரு புதிய கட்டத்தைச் செருகும்; மேக் கணினியில் Alt என்பதற்கு Option விசை. இவ்வளவையும் எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. ஆனால் இயக்கி முடித்தபின் நோட்புக் எந்த நிலையில் விடப்படுகிறது என்பதே பயனருக்குக் கூடுதலாகத் தேவைப்படும் செய்தியாகும், ஏனெனில் அடுத்து அழுத்தப்படும் விசையின் பொருளை அதுதான் தீர்மானிக்கிறது.

Ctrl+Enter எப்போதும் கட்டளை நிலையில் விடுகிறது. Alt+Enter புதிய கட்டத்திற்குள் கர்சரை வைத்துத் திருத்த நிலையில் விடுகிறது. Shift+Enter மட்டும் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது: கீழே வேறொரு கட்டம் ஏற்கனவே இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துக் கட்டளை நிலையில் நிற்கிறது, இயக்கப்பட்டது கடைசிக் கட்டமாக இருந்தால், அதன் கீழே புதுக் கட்டம் ஒன்றை உருவாக்கி, அதற்குள் கர்சரை வைத்துத் திருத்த நிலையில் விடுகிறது.

புதிதாகக் கற்பவர் ஒருவர் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் நோட்புக்கின் கடைசியில்தான் எழுதிக்கொண்டே போகிறார். ஒரு கட்டம் எழுதி Shift+Enter அழுத்துகிறார். கர்சர் புதிய கட்டத்தில் காத்திருக்கிறது. உடனே எழுதத் தொடங்குகிறார். இந்தத் தொடர்ச்சி கைக்குப் படிந்துவிடுகிறது. பின்பு ஒருநாள் நோட்புக்கின் நடுவே போய் ஒரு மதிப்பைத் திருத்தி Shift+Enter அழுத்திவிட்டு, பழகியபடியே எழுதத் தொடங்கும்போது, கர்சர் எங்கும் இல்லாததால் அவர் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் கட்டளையாக நிறைவேறுகிறது. நிலை மாறி விழும் பிழைகளில் பெரும்பகுதி பிறக்கும் இடம் இதுதான் என்பது இவ்வாசிரியரின் கணிப்பு. கவனக்குறைவைவிட, ஒரே விசை இருவேறு இடங்களில் இருவேறு நிலைகளில் விடுவதே அதற்குப் பெரிதும் காரணம்.

இதற்கு எளிய காப்பு ஒன்று உண்டு. Shift+Enter அழுத்தியபின் எழுத வேண்டியிருந்தால், எழுதுமுன் ஒருமுறை Enter அழுத்திக்கொள்ளலாம். நடுவில் இருந்தால் அது திருத்த நிலைக்குக் கொண்டுபோகும்; கடைசியில் இருந்தால் ஒரு வெற்று வரியை மட்டும் சேர்க்கும், அதனால் கெடுதல் இல்லை. இதேபோல் கட்டங்களை அடுக்கத் தொடங்குமுன் ஒருமுறை Esc அழுத்திக்கொள்ளலாம். ஏற்கனவே கட்டளை நிலையில் இருந்தால் Esc எதையும் மாற்றாது. ஒரு நுணுக்கம் மட்டும் நினைவில் இருக்க வேண்டும்: எழுதும்போது சொல் முடிப்புக்கான பட்டியல் திறந்திருந்தால் முதல் Esc அந்தப் பட்டியலை மூடுவதோடு நின்றுவிடும், நிலை மாற இன்னொரு முறை அழுத்த வேண்டும். அவ்வாறு அழுத்தாமல் கட்டத்தை நீக்க முயன்றவர் தம் நிரலின் நடுவே dd என்ற இரண்டு எழுத்துகள் விழுந்திருப்பதைக் காண்பார்.

செருகுதலும் நீக்குதலும்

கட்டளை நிலையில் A விசை தேர்வுபெற்ற கட்டத்திற்கு மேலேயும், B விசை அதற்குக் கீழேயும் ஒரு வெற்றுக் கட்டத்தைச் செருகுகின்றன. செருகப்பட்ட கட்டமே அடுத்துத் தேர்வுபெறுகிறது. ஆனால் நிலை கட்டளை நிலையாகவே தொடர்கிறது. எனவே எழுதிக்கொண்டிருந்த கட்டத்திற்குக் கீழே, அதை இயக்காமலே, ஒரு புதிய கட்டத்தில் எழுத விரும்புபவர் Esc, B, Enter என்று மூன்று விசைகளை அழுத்த வேண்டும். நீண்ட நேரம் ஓடும் கட்டத்தை மறுபடியும் இயக்கிவிடாமல் இடம் மட்டும் உண்டாக்க விரும்பும்போது Alt+Enter விசைக்கு மாற்றாக இந்த மூன்று விசைத் தொடரே பொருந்தும்.

நீக்குவதற்கு D விசையை அடுத்தடுத்து இருமுறை அழுத்த வேண்டும். தவறி விழும் ஒற்றை அழுத்தம் ஒரு கட்டத்தையே அழித்துவிடாதபடி வைக்கப்பட்ட தடை இது. இரண்டு அழுத்தங்களுக்கும் இடையே நேரம் கடந்துவிட்டால் முதல் அழுத்தம் மறக்கப்படும். Shift விசையுடன் மேல் கீழ் அம்பு விசைகளை அழுத்திப் பல கட்டங்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் D D அவை அனைத்தையும் நீக்கும். ஆனால் கட்டத்தை வெட்டி எடுக்கும் X விசைக்கு இந்த இரட்டை அழுத்தம் தேவையில்லை. ஒரே அழுத்தத்தில் கட்டம் பக்கத்தைவிட்டுப் போய்விடும். ஆகவே பார்வைக்குக் கடுமையான D D என்பதைவிட எளிமையாகத் தோன்றும் X விசையே தவறுதலாக அழுத்தப்படுவதற்கு அதிக வாய்ப்புடையது, அதிலும் நிரலில் x என்பது எத்தனை பேரின் முதல் மாறி என்பதை எண்ணிப் பார்த்தால்.

நீக்கிய கட்டத்தைத் திரும்பப் பெற Z விசை உண்டு. பழைய நோட்புக்கில் அது நீக்கப்பட்ட கட்டத்தை மட்டும் மீட்கும். ஜூபிட்டர்லேபிலும் அதன் கூறுகளைக் கொண்டு 2023இல் வெளிவந்த நோட்புக் 7இலும் கட்டங்கள்மீது நிகழ்த்திய செயல்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்வாங்கும். X விசையால் வெட்டப்பட்டதை V விசை, தேர்வுபெற்ற கட்டத்திற்குக் கீழே ஒட்டும். இந்த மீட்பு நினைவு திறந்திருக்கும் பக்கத்தோடு சேர்ந்தது. பக்கத்தை மீண்டும் ஏற்றினால் அது போய்விடும். ஜூபிட்டர் சுமார் 2 நிமிடத்திற்கு ஒருமுறை தானாகவே கோப்பைச் சேமிப்பதால், நீக்கப்பட்ட நிலையே கோப்பிலும் பதிந்துவிடக்கூடும். அப்போதும் ஒரு வழி எஞ்சுகிறது: பயனர் தாமே Ctrl+S அழுத்திச் சேமிக்கும்போது ஒரு சோதனைப் புள்ளி தனியே வைக்கப்படுகிறது, தானியங்கிச் சேமிப்பு அதைத் தொடுவதில்லை. ஆகவே கோப்பு மெனுவில் சோதனைப் புள்ளிக்குத் திரும்பும் கட்டளையைக் கொண்டு கடைசியாகக் கையால் சேமித்த நிலைக்குப் போகலாம். பெரிய அடுக்கு மாற்றங்களைத் தொடங்குமுன் ஒருமுறை Ctrl+S அழுத்துவதன் பயன் இதுவே.

மூன்று எழுத்துகளால் மாறிய விடை

நிலை தவறி எழுதுவதால் என்ன நேரும் என்பதை ஒரு சிறு நோட்புக்கைக் கொண்டு அடி அடியாகப் பார்க்கலாம். அதில் நான்கு கட்டங்கள் உள்ளன. கீழே ஒவ்வொரு வரியும் ஒரு கட்டம்.

```python
rates = [40, 55, 65]
total = sum(rates)
average = total / len(rates)
print(average)
```

நான்கும் வரிசையாக இயக்கப்பட்டுவிட்டன; கடைசிக் கட்டத்தின் கீழே 53.333333333333336 என்ற விடை நிற்கிறது. இப்போது பயனர் முதல் கட்டத்திற்குப் போய் 65 என்பதை 85 ஆக்கி Shift+Enter அழுத்துகிறார். முதல் கட்டம் இயங்குகிறது. இரண்டாம் கட்டம் தேர்வுபெறுகிறது. நிலை கட்டளை நிலை. கர்சர் ஒரு புதிய கட்டத்தில் காத்திருப்பதாக எண்ணி அவர் `x = 1` என்று எழுதத் தொடங்குகிறார்.

x என்ற எழுத்து விழுந்தவுடன் இரண்டாம் கட்டம், அதாவது கூட்டுத்தொகையைக் கணக்கிடும் கட்டம், வெட்டி எடுக்கப்படுகிறது. அதன் இடத்திற்குச் சராசரிக் கட்டம் ஏறி வந்து தேர்வுபெறுகிறது. இடைவெளி விசையால் பக்கம் சற்றுக் கீழே நகரலாம்; சமக்குறியால் ஒன்றும் நேர்வதில்லை. 1 என்ற எண்ணோ கட்டளை நிலையில் முதல்நிலைத் தலைப்பாக்கும் விசை. ஆகவே சராசரிக் கட்டம் நிரல் என்ற தன்மையை இழந்து மார்க்டவுன் எனப்படும் உரைக் கட்டமாகிறது, அதன் முதல் வரிக்கு முன்னால் `# ` என்ற தலைப்புக் குறியும் ஏறிக்கொள்கிறது. மூன்று எழுத்துகளில் நான்கு கட்டங்கள் மூன்றாகி, அவற்றுள் ஒன்று இயங்காக் கட்டமாகிவிட்டது.

இனிமேல் நடப்பதே கவலைக்குரியது. பயனர் கடைசிக் கட்டத்தை இயக்கிப் பார்க்கிறார், பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை, 53.333333333333336 என்ற பழைய விடையே மறுபடி அச்சாகிறது. 40, 55, 85 ஆகியவற்றின் சராசரி 60.0 ஆக வேண்டும். ஆனால் average என்ற மாறியைப் புதிதாகக் கணக்கிட வேண்டிய கட்டங்களில் ஒன்று பக்கத்தில் இல்லை, மற்றொன்று இயங்குவதில்லை. கெர்னலின் நினைவில் பழைய மதிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. கட்டத்தை நீக்குவது பக்கத்திலிருந்து எழுத்தை நீக்குகிறதேயன்றி, அந்தக் கட்டம் முன்பு உண்டாக்கிய மாறியைக் கெர்னலிலிருந்து நீக்குவதில்லை. அதேபோல் Z விசையால் கட்டத்தை மீட்பது எழுத்தை மீட்கிறதேயன்றி, கணக்கை மீண்டும் செய்வதில்லை.

இதைக் கண்டுபிடிக்க உதவுவது கட்டத்தின் இடப்பக்கத்தில் சதுர அடைப்புக்குள் தோன்றும் இயக்க எண். ஒவ்வோர் இயக்கத்திற்கும் அந்த எண் ஒன்று கூடும். மேற்கண்ட நோட்புக்கில் முதலில் 1 முதல் 4 வரை இருந்தது. திருத்தியபின் முதல் கட்டம் 5 ஆகவும் அச்சிடும் கட்டம் 6 ஆகவும் நிற்கும். மதிப்பை மாற்றிய இயக்கத்திற்கும் அச்சிட்ட இயக்கத்திற்கும் இடையே கணக்கிடும் இயக்கம் எதுவும் நிகழவில்லை என்பதை அடுத்தடுத்து நிற்கும் 5, 6 என்ற எண்களே சொல்லிவிடுகின்றன. உரைக் கட்டத்திற்கு எண்ணே இராது.

சரிசெய்வதிலும் ஒரு கண்ணி உண்டு. தலைப்பாகிவிட்ட கட்டத்தைத் தேர்ந்தெடுத்து Y விசையை அழுத்தினால் அது மீண்டும் நிரல் கட்டமாகும். ஆனால் முன்னால் ஏறிய `# ` அப்படியே இருக்கும். மார்க்டவுனில் தலைப்புக் குறியான அதுவே பைத்தானில் குறிப்புரைக் குறி. எனவே அந்த வரி நிரல் போலவே தோற்றமளித்துக்கொண்டு, இயக்கினாலும் எதையும் செய்யாமல் கடந்துபோகும். Y அழுத்தியபின் Enter அழுத்தி உள்ளே சென்று அந்தக் குறியை அழிக்க வேண்டும். பின்பு Esc அழுத்தி, முதல் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, V அழுத்தினால் வெட்டப்பட்ட கூட்டுத்தொகைக் கட்டம் அதற்குக் கீழே தன் பழைய இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். இடையே வேறு கட்டத்தை வெட்டவோ நகலெடுக்கவோ செய்திருந்தால் V விசை அதையே ஒட்டும் என்பதால், தவறு தெரிந்தவுடன் வேறெதையும் தொடாமல் மீட்பதே முறை. இறுதியாக, மெனுவிலுள்ள `Restart Kernel and Run All Cells` என்ற கட்டளையால் கெர்னலை வெறுமையிலிருந்து தொடங்கி எல்லாக் கட்டங்களையும் மேலிருந்து கீழாக இயக்கினால் 60.0 கிடைக்க வேண்டும். மீட்பு முழுமையடையாமல் குறிப்புரைக் குறி எஞ்சியிருந்தால், இந்தச் சோதனையில் `NameError: name 'average' is not defined` என்ற செய்தி வந்து மறைந்திருந்த பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

பிரித்தல்: கர்சர் தேவைப்படும் செயல்

செருகுதல், நீக்குதல், வெட்டுதல், ஒட்டுதல் எல்லாம் கட்டத்தை ஒரு முழுப்பொருளாகக் கொள்கின்றன; ஆகவே அவை கட்டளை நிலைக்கு உரியவை. பிரித்தலோ கட்டத்திற்குள் எந்த இடத்தில் என்ற கேள்வியைக் கேட்கிறது; அந்த இடத்தைச் சுட்டக் கர்சர் தேவை; கர்சர் திருத்த நிலையில்தான் உண்டு. கட்டங்களை அமைக்கும் செயல்களில் இது ஒன்று மட்டும் திருத்த நிலை விசையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. கர்சரை வேண்டிய இடத்தில் வைத்து Ctrl, Shift, கழித்தற்குறி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், கர்சருக்கு முன்னுள்ள பகுதி மேல் கட்டமாகவும் பின்னுள்ள பகுதி கீழ்க் கட்டமாகவும் பிரியும். Shift விடுபட்டுப்போனால் உலாவி அதைத் தன் கட்டளையாக எடுத்துக்கொண்டு பக்கத்தைச் சிறிதாக்கிவிடும். கட்டம் பிரியாமல் எழுத்து சுருங்கினால் காரணம் அதுதான்.

கட்டத்தை எங்கே வேண்டுமானாலும் பிரிக்கலாம் என்று நோட்புக் அனுமதிக்கிறது. அது நிரலின் இலக்கணத்தைப் பார்ப்பதில்லை. அடைப்புக்குறியின் நடுவே பிரித்தால் இயக்கும்போதே இலக்கணப் பிழை வந்து நிற்கும், அதனால் தொல்லை இல்லை. சுழற்சிக் கட்டளையின் உடலுக்குள் பிரிப்பதுதான் ஏமாற்றக்கூடியது.

```python
total = 0
for n in [10, 20, 30]:
    half = n / 2
    total = total + half
print(total)
```

இது முழுதாக இயங்கினால் 5, 10, 15 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 30.0 விடையாக வரும். நான்காம் வரியின் தொடக்கத்தில் கர்சரை வைத்துப் பிரித்துவிட்டால், கீழ்க் கட்டம் உள்தள்ளிய வரியோடு தொடங்கும். சாதாரணப் பைத்தான் கோப்பில் அத்தகைய தொடக்கம் உள்தள்ளல் பிழையாகும். ஆனால் நோட்புக்கின் பின்னால் இயங்கும் ஐபைத்தான், கட்டத்தின் முதல் வரி உள்தள்ளியிருந்தால் அந்த வெற்றிடத்தைத் தானே நீக்கிவிட்டு இயக்குகிறது. வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும் நிரல் தடைபடாதிருக்கச் செய்த உதவி அது. இங்கே அந்த உதவியே பிழையை மறைத்துவிடுகிறது. மேல் கட்டம் மூன்று முறை சுழன்று half என்பதில் கடைசி மதிப்பான 15.0 மட்டும் எஞ்சுகிறது. கீழ்க் கட்டம் அதை ஒரே ஒருமுறை கூட்டி 15.0 என்று அச்சிடுகிறது. கீழ்க் கட்டத்தை மட்டும் இன்னொருமுறை இயக்கினால், ஏற்கனவே உள்ள 15.0 உடன் மறுபடி 15.0 சேர்ந்து 30.0 வரும். சரியான விடையோடு அது ஒத்துப்போவது தற்செயலே. மூன்றாம் முறை இயக்கினால் 45.0 வந்து அது வெளிப்படும்.

ஆகவே பிரிக்கும் இடம் எப்போதும் உள்தள்ளல் இல்லாத ஒரு வரியின் தொடக்கமாக இருக்க வேண்டும். மேற்கண்ட நிரலில் அப்படிப் பொருத்தமான இடம் `print` வரியின் தொடக்கம், அல்லது `for` வரியின் தொடக்கம். `for` வரியில் பிரித்தாலும் ஒன்றைக் கருத வேண்டும்: `total = 0` மேல் கட்டத்தில் தனித்துப் போவதால், கீழ்க் கட்டத்தைத் திரும்பத் திரும்ப இயக்கும்போது கூட்டுத்தொகை 30.0, 60.0, 90.0 என்று வளர்ந்துகொண்டே போகும். தொடக்க மதிப்பும் அதைப் பெருக்கும் சுழற்சியும் ஒரே கட்டத்தில் இருப்பதே நல்லது என்பதால், இந்த நிரலை `print` வரியில் பிரிப்பதே தக்கது. பிரித்தபின் பழைய விடை எந்தப் பாதியின் கீழே ஒட்டிக்கொண்டு நின்றாலும் அதை நம்பாமல் இரண்டு பாதிகளையும் வரிசையாக இயக்கிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் அந்த விடை பிரிக்கப்படாத முழுக் கட்டத்தின் விடையாகும்.

தவறான இடத்தில் பிரித்துவிட்டால் Esc அழுத்திக் கட்டளை நிலைக்கு வந்து, மேல் பாதியைத் தேர்ந்தெடுத்து, Shift+M அழுத்தலாம். ஒரு கட்டம் மட்டும் தேர்வுபெற்றிருக்கும்போது அந்த விசை அதையும் அதற்குக் கீழுள்ளதையும் ஒன்றாக இணைக்கும். பல கட்டங்கள் தேர்வுபெற்றிருந்தால் அவை அனைத்தையும் இணைக்கும். இணைத்தபின் உள்தள்ளல் பழையபடி இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும்; கர்சரை உள்தள்ளலுக்குப் பின், சொல்லுக்குச் சற்று முன் வைத்துப் பிரித்திருந்தால், வெற்றிடங்கள் மேல் பாதியில் தங்கி, கீழ்ப் பாதியின் முதல் வரி இடப்பக்க ஓரத்தோடு ஒட்டி நிற்கும்.

விசை கேளாதபோது

சில வேளைகளில் நிலை சரியாக இருந்தும் விசைக்குப் பலன் இராது. பக்கவாட்டில் உள்ள கோப்புப் பட்டியலையோ உலாவியின் முகவரிப் பட்டையையோ கடைசியாகச் சொடுக்கியிருந்தால், விசைகள் அங்கேதான் போகும். கட்டத்தின் இடப்பக்க ஓரத்தை ஒருமுறை சொடுக்கினால் அது கட்டளை நிலையில் தேர்வுபெற்று விசைகள் நோட்புக்குக்குத் திரும்பும். தமிழில் விளக்க உரை எழுதுபவர்களுக்கு இன்னொரு காரணமும் நேர்வதுண்டு. மார்க்டவுன் கட்டத்தில் தமிழ்99 விசைப்பலகையில் எழுதிவிட்டு, உள்ளீட்டை ஆங்கிலத்திற்கு மாற்றாமலே Esc அழுத்தி A விசையை அழுத்தினால், இயங்குதளம் அதை அ என்ற எழுத்தாக அனுப்ப முயல்வதால் கட்டளை நோட்புக்கைச் சென்றடையாமல் போகலாம். அத்தகைய நேரத்தில் உள்ளீட்டை மாற்றிக்கொள்வதே வழி. அதற்கும் இடமில்லையென்றால், நீக்குதல், பிரித்தல், இணைத்தல் ஆகியவை மெனுக்களிலும் இருக்கின்றன, அவற்றுள் பிரித்தல் `Edit` மெனுவில் `Split Cell` என்ற பெயரில் காணப்படும். அந்த மெனு வரிகளின் வலப்பக்கத்தில் உரிய விசையும் அச்சிடப்பட்டிருப்பதால், பதிப்பு மாறி விசை மாறியிருந்தால் அதையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.